அவசரம் என்றால் வணக்கம்

முழுநீளம் என்று அவருக்குப் பெயர் வைத்தது யார் என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவரைக் கேட்டால் சொல்லிவிடுவார். அந்தப் பயத்தில்தான் யாரும் கேட்பதில்லை.

வாஷிங் மெஷின் செய்து விற்கும் கம்பெனி அது. வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது அவர் வேலை. மெஷின் ஆடுகிறதா, தண்ணீர் ஏறவில்லையா, சோப்பு நுரை கதவு வழியாக எட்டிப் பார்க்கிறதா, எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் தயார். முதலில் வணக்கம். அடுத்து நன்றி. அதற்கடுத்து வருத்தம். பிறகு அந்தப் பழுது ஏன் வருகிறது, எப்படியெல்லாம் வரலாம், அது வராமல் இருந்திருக்க என்ன செய்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாக வரும். என்ன செய்ய வேண்டும் என்பது கடைசியில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். காரணம் தெரியாமல் காரியம் செய்கிறவன் மறுபடியும் அதே தப்பைச் செய்வான் என்பது அவருடைய கட்சி. கட்சி என்னவோ நல்ல கட்சிதான். அதில் அவரைத் தவிர வேறு உறுப்பினர் கிடையாது.

பேச்சிலும் அப்படித்தான். லிஃப்ட் வேலை செய்கிறதா என்று அவரிடம் கேட்டவர் ஒருவர், பதில் பாதியில் இருக்கும்போதே படியேறிப் போய் வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். முழுநீளம் அப்போதும் லிஃப்ட் கயிற்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

வீட்டில் மனைவி இதற்குச் சுலபமான வழி கண்டுபிடித்திருந்தாள். கணவனின் போன் செய்திகளில் முதல் வரியை மட்டும் படிப்பாள். முதல் வரியில் எப்போதும் அவளுடைய உடல்நலம்தான் விசாரிக்கப்பட்டிருக்கும். 'நல்லா இருக்கேன்' என்று பதில் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள். வீட்டுக்கு வரும்போது எண்ணெய் வாங்கி வரவா வேண்டாமா என்ற கேள்வி அடியில் எங்கேயோ அநாதையாகக் கிடக்கும்.

அவர் சொல்வதைக் கடைசி வரை கேட்ட ஒரே ஜீவன் மைத்துனன்தான். மனைவியின் தம்பி. வேலை போன பிறகு, 'ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன் மாமா' என்று பையோடு வந்தவன், முன்னறை சோபாவில் படுத்து இரண்டு வருஷம் ஆகிறது. அவனுக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை, அதனால் கேட்பான். பஞ்சு மெத்தை ஏன் நடுவில் குழிகிறது, நனைந்த துணி ஏன் கனக்கிறது, எல்லாம் அவனுக்கு மனப்பாடம். அவன் கிளம்பினால் போதும் என்று முழுநீளத்துக்கு இருந்தது. கிளம்பிவிட்டால் யாரிடம் பேசுவது என்றும் இருந்தது. இந்த இரண்டையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவர் சொல்லாமல் விட்ட விஷயங்களைச் சுலபமாக எண்ணிவிடலாம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்பெனிக்கு சாட்பாட் வந்தது. இணையதளத்தின் சாட், மின்னஞ்சல், போனுக்கு வரும் குறுஞ்செய்தி மூன்றிலும் இனி அதுதான் பதில் சொல்லும். அதைக் கவனித்துக்கொள்ள ஓர் இளம் பொறியாளரை வேலைக்கு எடுத்தார்கள். கண்ணாடி போட்ட பெண், பேச்சில் சிக்கனம். 'சரி', 'இல்லை', 'பார்க்கிறேன்' என்ற மூன்று சொல்லில் அவளுடைய ஒரு நாள் ஓடிவிடும். அவளையும் முழுநீளத்தையும் பக்கத்துப் பக்கத்து மேசையில் போட்ட மேலாளர் அம்மாவை என்ன சொல்வது. இடப் பற்றாக்குறை என்றுதான் அவர் இன்றுவரை சாதிக்கிறார்.

சாட்பாட் சொந்தமாக ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. முழுநீளம் எழுதி வைத்த பதில்களில் பொருத்தமானதை எடுத்து அனுப்பலாம், அவ்வளவுதான். எந்த இடத்தில் எவ்வளவு நீளம் என்றும் முடிவு செய்திருந்தார்கள். மின்னஞ்சலுக்கு முழுசு, சாட்டுக்குப் பாதி, குறுஞ்செய்திக்குக் கொஞ்சம். அந்தப் பெண்தான் அதில் ஒரு சிக்கலைக் கிளப்பினாள். மின்னஞ்சலில் எழுதுகிறவர் எல்லாரும் சாவகாசமாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பதில்லையே என்றாள். கால் நனைய நின்றுகொண்டு மெயில் போடுகிறவரும் உண்டு. 'அவசரம்', 'சீக்கிரம்', 'நேரமில்லை' என்று ஒருவர் எழுதினால், எந்த வழியில் எழுதினாலும் அவருக்குச் சின்ன பதில்தான் போக வேண்டும் என்றாள். அவள் அன்றைக்குப் பேசியதுதான் அந்த மாதத்திலேயே நீளமான பேச்சு.

மேலாளர் அம்மாவுக்குச் சந்தேகம். அவசரம் என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேர் சும்மா எழுதுகிறார்கள் என்றார். எழுதட்டுமே என்றாள் அந்தப் பெண். நம்பிச் சின்னதாகப் பதில் சொன்னால் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, போதாதவர் மறுபடி கேட்பார். அவசரத்தில் இருப்பவருக்கு நீளமாக அனுப்பினால்தான் பிரச்சினை, அவருக்கு வேண்டியதைத் தேடவே நேரம் போய்விடும்.

முழுநீளம் எழுந்து நின்றார். அவசரத்தில் இருப்பவனுக்குத்தான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், அவன்தான் தப்புச் செய்வான் என்று ஆரம்பித்து, மதியச் சாப்பாடு ஆறும் வரை பேசினார். கடைசியில் மேலாளர் அம்மா பசி தாங்காமல் அந்தப் பெண் பக்கம் சாய்ந்தார்.

சரி, சுருக்குவது என்று முடிவாயிற்று. எதைச் சுருக்குவது? ஒவ்வொரு பதிலுக்கும் புதிதாக ஒரு குட்டிப் பதில் எழுதித் தாருங்கள் சார் என்று அந்தப் பெண் கேட்டாள். முழுநீளம் தலைகீழாக நின்றாலும் முடியாது என்றார்.

"என் பதிலை எங்க வேணா நிறுத்திக்கோங்க. உள்ள மட்டும் கை வைக்காதீங்க."

அந்தப் பெண் இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள். அவர் அசைந்து கொடுக்கவில்லை. சரி என்று, அவர் சொன்னபடியே செய்தாள். அவசரச் சொல் ஒன்று வந்தால் பதிலின் முதல் மூன்று வாக்கியம் போகும். இரண்டு வந்தால் இரண்டு வாக்கியம். மூன்று வந்தால் ஒன்று. அவசரம் கூடக் கூடப் பதில் குறையும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அவருடைய பதில்களின் முதல் மூன்று வாக்கியம் எவை என்பது அந்த நேரத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. அந்தப் பதில்களை யாராவது படித்திருந்தால் அல்லவா உறைக்கும்.

வெள்ளோட்டம் வைத்தார்கள். வருகிற செய்திகளில் கொஞ்சத்தை மட்டும் சாட்பாட்டுக்கு விடுவது, பதில் போவதை எல்லாரும் பெரிய திரையில் பார்ப்பது, ஏதாவது கோளாறு என்றால் மனிதர் யாராவது புகுந்து கையால் பதில் எழுதுவது என்று ஏற்பாடு. ஒரே ஆள் எந்த வழியாக எழுதினாலும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். பெயரும் எண்ணும் மறைந்திருக்கும். நடுவில் இடைஞ்சல் கூடாது என்று எல்லாருடைய போனையும் வாங்கி வெளியே ஒரு கூடையில் போட்டுவிட்டார் மேலாளர் அம்மா.

அன்றைக்குக் காலையில் மைத்துனனுக்கு நேர்முகத் தேர்வு. சோபா, கட்டில் விற்கும் பெரிய கடையில் விற்பனையாளர் வேலை. இரண்டு வருஷத்தில் முதல் அழைப்பு. கொஞ்சம் பார்க்கும்படி இருந்தது ஒரே ஒரு பேன்ட், அதையும் அக்கா துவைத்துத் தருகிறேன் என்று வாங்கி வைத்திருந்தாள். 'இன்னிக்கு விட்டா இனி என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க மாமா' என்று அவன் சொன்னது முழுநீளத்தின் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே கிளம்பும்போது அவனுக்கு வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்து, பஸ் போய்விடும் என்று பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

வெள்ளோட்டம் நன்றாகவே தொடங்கியது. யாரோ ஒருவர் போர்வை துவைக்கலாமா என்று நிதானமாகக் கேட்டார், நிதானமாகப் பதில் போயிற்று. மேலாளர் அம்மா டீ வரவழைத்தார். அப்போது சாட்டில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

'அவசரம். துணி போட்டேன், பாதியில் நின்றுவிட்டது. உள்ளே தண்ணீர் நிற்கிறது, கதவு திறக்கவில்லை. தம்பியின் பேன்ட் உள்ளே இருக்கிறது. அவனுக்கு இன்டர்வியூ.'

அறையில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சாட்பாட் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் அனுப்பியது.

'வணக்கம். எங்களைத் தொடர்புகொண்டதற்கு மனமார்ந்த நன்றி. தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்.'

சின்னதாக இருக்கிறதே என்று மேலாளர் அம்மா சந்தோஷப்பட்டார். அடுத்த செய்தி வந்தது. 'வருத்தம் எல்லாம் அப்புறம். அவசரம், சீக்கிரம் சொல்லுங்கள்.' இரண்டு சொல் இருந்ததால் இரண்டே வாக்கியம் போயிற்று. 'வணக்கம். எங்களைத் தொடர்புகொண்டதற்கு மனமார்ந்த நன்றி.' வருத்தம் அப்புறம் என்று எழுதியவள் சொன்னதைக் கேட்டு நடந்துகொண்ட மாதிரியே இருந்தது.

இப்போது குறுஞ்செய்தியில் வந்தாள் அவள். 'அவசரம் அவசரம் நேரமில்லை.'

'வணக்கம்.'

டீ கொண்டு வந்தவர் சிரித்துவிட்டார். அந்தப் பெண் பொறியாளருக்கு முகம் வெளுத்தது. முழுநீளம் நாற்காலி நுனிக்கு வந்தார். யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒரு தம்பி கால்சட்டை இல்லாமல் நிற்கிறான், தன் வீட்டிலும் ஒருவன் இன்றைக்கு நேர்முகத் தேர்வுக்குக் கிளம்ப வேண்டியவன். அவர் பாவம் பாவம் என்றார்.

கடைசியாக மின்னஞ்சலும் வந்தது. இந்த முறை அவள் அவசரம் என்று எழுதவில்லை. எழுதியெழுதி வெறுத்துப் போயிருப்பாள். கதவு திறக்கவில்லை, என்ன செய்வது என்று மட்டும் கேட்டிருந்தாள். அவசரச் சொல் இல்லை, வந்த வழி மின்னஞ்சல். சாட்பாட் தன் கடமையைச் செய்தது. முழுநீளம் எழுதிய முழுப் பதிலும் போயிற்று. வணக்கத்தில் தொடங்கி, முன்பக்கக் கதவு மெஷின்கள் ஏன் வந்தன, தண்ணீர் உள்ளே இருக்கும்போது கதவு திறந்தால் வீடு என்னவாகும், பூட்டு எப்படி அதைத் தடுக்கிறது என்று திரையில் அது கீழே கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. மேலாளர் அம்மா கண்களை மூடிக்கொண்டார்.

பதிலுக்குப் பதில் உடனே வந்தது.

'இதைப் படித்து முடிப்பதற்குள் என் தம்பி வேலையில் சேர்ந்து ரிட்டயரே ஆகிவிடுவான். என் வீட்டுக்காரர் உங்கள் கம்பெனியில்தான் வேலை செய்கிறார். அவரைக் கேட்டால் இப்படித்தான் சொல்வார் என்றுதான் அவரைக் கேட்காமல் உங்களிடம் வந்தேன். நீங்களும் அவரை மாதிரியே இருந்தால் நான் எங்கே போவேன்?'

அறையில் ஒருவர் கூரையைப் பார்த்தார். டீ கொண்டு வந்தவர் கோப்பைகளை அடுக்க ஆரம்பித்தார், அவற்றில் இன்னும் டீ இருந்தது.

முழுநீளத்துக்கு வலித்தது. அலுவலகமே சேர்ந்து கேலி செய்தபோதெல்லாம் அவருக்கு வலித்ததில்லை, ஒரு சிரிப்போடு விட்டுவிடுவார். கட்டிய மனைவி, வீட்டில் மெஷின் நின்றால், மெஷினைப் பற்றி எல்லாம் தெரிந்த புருஷனை விட்டுவிட்டு முகம் தெரியாத யாரிடமோ போய்க் கெஞ்சுகிறாள். அதுவும் நேரமில்லை என்பதால். தான் இத்தனை வருஷமாக அவளுக்காக எழுதியதெல்லாம் அவளுடைய நேரத்தைத் தின்றிருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அழுகை வந்தது. அழுவதற்கும் நேரம் வேண்டும், தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"நான் எழுதுறேன்," என்றார்.

மேலாளர் அம்மா வேண்டாம் என்பதுபோலக் கையைத் தூக்கினார். அந்தப் பெண் அதற்குள் விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

அவர் விரல் பழக்கத்தில் முதலில் 'வணக்கம்' என்று அடித்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் அதை அழித்தார். 'தங்கள்' என்று அடித்தார், அதையும் அழித்தார். பூட்டைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்லிவிடலாமே என்று கை துறுதுறுத்தது. அந்தப் பெண் அவர் காதருகே குனிந்தாள்.

"சார், அவங்க கை இப்ப எங்க போகணும்? அதை முதல்ல சொல்லுங்க."

கை எங்கே போகணும். அப்படி அவர் யோசித்ததே இல்லை. மெஷினுக்குள் தண்ணீர் எங்கே போகிறது என்றுதான் எப்போதும் யோசித்திருக்கிறார். இப்போது தன் வீட்டுக் குளியலறையையும் அங்கே குந்தி உட்கார்ந்திருக்கும் மனைவியையும் நினைத்துக்கொண்டு அடித்தார்.

'பிளக்கைப் பிடுங்குங்கள்.
முன்பக்கம் கீழே சின்ன மூடி இருக்கும், திறங்கள். அடியில் தட்டு வைத்து, உள்ளே இருக்கும் திருகை மெதுவாகத் திருப்புங்கள். தண்ணீர் வெளியே வரும்.
எல்லாம் வடிந்து சில நிமிடம் கழித்துக் கதவை இழுங்கள்.'

அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்தவர் நின்றார். வெந்நீரில் போட்டிருந்தால் கை வெந்துவிடும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார். மேலாளர் அம்மா இதோ ஆரம்பித்துவிட்டார் என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அந்தப் பெண் மட்டும் சேருங்கள் என்றாள். எவ்வளவு அவசரமானாலும் வெட்டக்கூடாதது அந்த ஒரு வரிதான் என்றாள். 'வெந்நீர் என்றால் ஆறும் வரை திருகைத் தொடாதீர்கள்' என்று திருகு வருவதற்கு முன்னால் சேர்த்தார். கீழே அவள் சொன்னபடி, 'இன்னும் தெரிய வேண்டுமானால் கேளுங்கள்' என்று போட்டு அனுப்பினார். அவர் வாழ்க்கையில் எழுதியவற்றில் அதுதான் சின்னது. தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடும்போதுகூட அவர் அடியில் கோடு போட்டு இரண்டு புள்ளி வைப்பவர்.

காத்திருந்தார்கள். வேறு செய்திகள் வந்தன, யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. ஒருவழியாக வந்தது.

'பச்சைத் தண்ணீர்தான். திறந்துவிட்டது. திருகில் ஒரு சோபா பட்டன் சிக்கியிருந்தது. தம்பி ஈர பேன்ட்டோடு ஓடிவிட்டான். கடைசியாகப் பதில் எழுதியவர் யாரோ, நன்றாக இருக்கட்டும். முடிந்தால் என் வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள்.'

'சொல்லிவிடுகிறோம்' என்று அந்தப் பெண் பதில் அடித்தாள். அறையில் யாரும் யார் அந்த வீட்டுக்காரர் என்று கேட்கவில்லை. அன்று பகல் முழுக்க முழுநீளம் தன் பழைய பதில்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் அடியிலும் கிடந்ததை உச்சிக்குக் கொண்டுவந்து அவசரத்துக்கென்று தனிப் பதில் எழுதினார். மேலாளர் அம்மா அவர் மேசைப் பக்கம் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். சொன்னால் அவர் பதில் சொல்லுவாரே.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மைத்துனன் சோபாவில்தான் இருந்தான். வேலை கைவிட்டுப் போயிற்று என்று நினைத்தார் முழுநீளம். ஆனால் அவன் படுத்திருக்கவில்லை, உட்கார்ந்திருந்தான்.

வேலை கிடைத்துவிட்டதாம். ஈர பேன்ட்டோடு போனவனை, ஒரு சோபாவில் உட்கார்ந்து அதை விற்றுக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். உட்கார்ந்தான். எழுந்தபோது புத்தம்புது சோபாவில் அவன் உட்கார்ந்த தடம் அப்படியே ஈரமாகத் தெரிந்தது. கடை முதலாளி வாயைத் திறப்பதற்குள் இவன் மாமாவிடம் கேட்டதையெல்லாம் எடுத்து விட்டிருக்கிறான். ஈரம் பஞ்சுக்குள் எவ்வளவு தூரம் போகும், எந்தத் துணி அதைத் தடுக்கும், பஞ்சு ஏன் நடுவில் குழிகிறது, இந்த சோபா ஏன் குழியாது. அங்கே வந்திருந்த வாடிக்கையாளர் தம்பதி பக்கத்தில் வந்து உட்கார்ந்து கடைசி வரை கேட்டுவிட்டு அந்த சோபாவையே வாங்கிக்கொண்டு போனார்களாம், ஈரத்தோடு. சோபா வாங்க வருகிறவர்களுக்கு ஓர் அவசரமும் இருப்பதில்லை என்று முதலாளி சொன்னாராம், சாய்ந்து உட்கார்ந்துவிட்டால் எவ்வளவு நேரமானாலும் கேட்பார்கள், அவருக்கு வேண்டியது நிறுத்தாமல் பேசுகிற ஆள்தானாம்.

"எல்லாம் நீங்க சொன்னதுதான் மாமா," என்றான் அவன்.

மனைவி அதற்குள் தன் பங்கை ஆரம்பித்துவிட்டாள். உங்கள் கம்பெனியில் முதலில் எழுதியவர்கள் எல்லாம் உருப்படாதவர்கள் என்றாள். வணக்கம் வணக்கம் என்று கும்பிட்டே கொன்றார்களாம். கடைசியாக வந்தவர் மட்டும் தங்கமான மனுஷராம். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தது மாதிரி இருந்ததாம். அவர் யார் என்று விசாரித்து வாருங்கள் என்றாள்.

முழுநீளத்துக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அடுப்பில் ஏதோ இருக்கிறது, அவளுக்கு வேலை இருக்கும் என்ற நினைப்பு குறுக்கே வந்தது.

"நான்தான்," என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். அவர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. எதையாவது சொல்லுவார் என்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். தம்பியைக் கொஞ்சம் நகரச் சொல்லி சோபாவில் பட்டன் போன இடத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு இப்ப அவசரம் ஒண்ணும் இல்லைங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க."

அவர் செருமிக்கொண்டார். வாஷிங் மெஷினுக்கு முன்பக்கம் கதவு வைத்த காலத்திலிருந்து ஆரம்பித்தார். அவள் கடைசி வரை குறுக்கிடவே இல்லை.